படத்தில் உள்ள கேள்வி: புள்ளிக்கும் தளத்துக்கும் உள்ள தூரம் 5/3-ஆ, √19-ஆ, 7-ஆ?

மாலதி, ஜாலஹள்ளி · சனி, இரவு 9.10

என் மகள் பன்னிரண்டாம் வகுப்பு. பெங்களூரில் ஒரு கோச்சிங் வகுப்பிலும் படிக்கிறாள். நேற்று அங்கே வைத்த தேர்வில் வந்த கேள்வி இது. தாளைத் திரும்ப வாங்கிக்கொள்வார்கள் என்று அவசரமாகப் போனில் படம் எடுத்திருக்கிறாள். மேலே போட்டிருக்கிறேன். ட்யூப்லைட் வெளிச்சம் பட்டு ஓர் எண் மங்கலாக இருக்கிறது. நான்காவது ஆப்ஷன் அவள் கட்டைவிரலுக்கு அடியில் போய்விட்டது. என் கண்ணுக்குத் தெரிந்ததைத் தட்டச்சு செய்கிறேன்:

(3, 1, 4) என்ற புள்ளிக்கும் 2x − y + 2z = 8 என்ற தளத்துக்கும் உள்ள தூரம், (1 − x)/2 = (2y − 3)/6 = (z + 1)/6 என்ற கோட்டுக்கு இணையாக அளந்தால் எவ்வளவு?

ஆப்ஷன்கள்: 5/3, 7, √19, நான்காவது தெரியவில்லை.

அவளுக்கு √19 வந்தது. நான் தமிழ் மீடியத்தில் படித்தவள். செங்குத்துத் தூரத்துக்கான வாய்பாடு இன்னும் நினைவில் இருக்கிறது, போட்டுப் பார்த்தேன், 5/3 வந்தது. விடை 7 என்று மட்டும் வகுப்பில் சொல்லியிருக்கிறார்கள், எப்படி என்று சொல்லவில்லை. ஒரே வீட்டில் மூன்று விடை. யாராவது படிப்படியாகச் சொன்னால் அவளுக்கும் காட்டுவேன்.

கே.ஆர்.புரம் அப்பா · இரவு 9.25

அம்மா, இந்தக் கணக்கு என் பையனுக்கும் போன வருடம் வந்தது. கைடுகளில் எல்லாம் இருக்கும். விடை 1. நான் அவனுக்குச் சொல்லிக் கொடுத்ததால் நன்றாக நினைவிருக்கிறது. கோட்டின் மேல் ஒரு புள்ளியை t வைத்து எழுதி, தளத்தில் போட்டு, t-ஐக் கண்டுபிடிக்க வேண்டும். இதிலும் t-க்கு 1 தான் வருகிறது, மைனஸை விட்டுவிடுங்கள். கோச்சிங்காரர்கள் விடையைத் தப்பாகக் கொடுத்திருப்பார்கள். நான்காவது ஆப்ஷன் 1 ஆக இருக்கும்.

ரோஸி, மர்ஃபி டவுன் · இரவு 9.41

அக்கா, நான் இன்ஜினியரிங் முதல் வருடம். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். தளத்தின் வலது பக்கம் இருப்பது 8 இல்லை, 3 மாதிரி தெரிகிறது. இடது ஓரம் வெளிச்சத்தில் அழிந்திருக்கிறது. 3 என்று வைத்துப் போட்டால் எனக்கு 14 வருகிறது. 7-க்குச் சரியாக இரண்டு மடங்கு. அதனால் முறை சரிதான், எண்ணில்தான் எங்கோ சிக்கல் என்று நினைக்கிறேன். உங்கள் செங்குத்துத் தூரம் இந்தக் கேள்விக்குப் பொருந்தாது. கேள்வியிலேயே "கோட்டுக்கு இணையாக அளந்தால்" என்று இருக்கிறதே.

சரவணன் · இரவு 10.02

நான் கேம் எஞ்சினில் வேலை செய்கிறேன். இதை நாங்கள் தினமும் எழுதுகிறோம். ஒரு புள்ளியிலிருந்து ஒரு திசையில் கதிரை விட்டு, அது தளத்தை எங்கே தொடுகிறது என்று பார்ப்பதுதான். கோட் இவ்வளவுதான்:

```
t = (c - dot(n, P)) / dot(n, d)
if t < 0: return None
```

இங்கே n = (2, −1, 2), P = (3, 1, 4), d = (−2, 3, 6), c = 8. மேலே 8 − 13 = −5, கீழே −4 − 3 + 12 = 5. t = −1. மைனஸ் வந்துவிட்டது. அப்படியென்றால் தளம் புள்ளிக்குப் பின்னால் இருக்கிறது, கதிர் அதைத் தொடவே தொடாது. கேள்வியே தவறு என்றுதான் எனக்குப் படுகிறது. "தூரம் இல்லை" என்பதுதான் நான்காவது ஆப்ஷனோ என்னவோ.

பழைய வாத்தியார், அல்சூர் · இரவு 10.48

மாலதி அம்மா, விடை 7 தான். உங்கள் மகள் ஒரே ஓர் இடத்தில் வழுக்கியிருக்கிறாள். நீங்கள் போட்ட கணக்கில் கூட்டல் கழித்தல் தப்பு எதுவும் இல்லை, ஆனால் கேட்டது அதை அல்ல. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். முப்பது வருடம் இதைக் கரும்பலகையில் போட்டவன்.

முதலில் எந்தத் தூரம் என்று பார்ப்போம். மாடியில் நிற்கிறீர்கள், மழை காற்றில் சாய்ந்து பெய்கிறது. உங்கள் கை உயரத்திலிருந்து தரைக்கு நேராக ஒரு நூலைத் தொங்கவிட்டால் அதன் நீளம் ஒன்று. அதே உயரத்தில் உங்கள் கையைக் கடந்த ஒரு துளி சாய்ந்தபடியே போய்த் தரையைத் தொடும் வழியின் நீளம் வேறு. நூலின் நீளம்தான் 5/3. துளி போன வழியைத்தான் கேள்வி கேட்கிறது. துளியின் வழி நூலைவிடக் குறைவாக இருக்கவே முடியாது. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் கே.ஆர்.புரம் ஐயா சொன்ன 1 உடனே அடிபட்டுவிடும். 5/3 என்பது 1.67 அல்லவா? எந்தத் திசையில் அளந்தாலும் அதைவிடச் சிறிய தூரம் வராது.

அடுத்தது திசை விகிதங்கள். இப்போது பிள்ளைகள் டி.ஆர். என்கிறார்கள். உங்கள் மகள் கோட்டின் கீழே இருக்கும் மூன்று எண்களையும் அப்படியே எடுத்து 2, 6, 6 என்று எழுதியிருப்பாள். அப்படி எடுத்தால்தான் √19 வரும், போட்டுப் பார்த்துவிட்டேன். கீழே இருக்கும் எண் திசை விகிதமாக வேண்டுமென்றால் மேலே x, y, z தனியாக, எந்தப் பெருக்கலும் இல்லாமல், பிளஸ்ஸாக நிற்க வேண்டும். இங்கே முதல் பின்னத்தில் 1 − x இருக்கிறது. அதை x − 1 ஆக்கினால் கீழே −2. இரண்டாவதில் 2y − 3 இருக்கிறது. மேலேயும் கீழேயும் 2-ஆல் வகுத்தால் மேலே y − 3/2, கீழே 3. மூன்றாவது ஏற்கெனவே சரியாக இருக்கிறது, 6. ஆக −2, 3, 6.

கேள்வி எழுதியவர் இந்த இரண்டு பொறிகளையும் வேண்டுமென்றே வைத்திருக்கிறார். அதில் விழுந்தவர்களுக்காகவே √19-ஐ ஆப்ஷனில் போட்டிருக்கிறார். நிதானமாகப் பார்க்காதவர்களுக்கு 5/3.

இப்போது கணக்கு. புள்ளியிலிருந்து அந்தத் திசையில் t அளவு நகர்ந்தால் (3 − 2t, 1 + 3t, 4 + 6t). இதைத் தளத்தில் போடுங்கள்:

2(3 − 2t) − (1 + 3t) + 2(4 + 6t) = 8
13 + 5t = 8
t = −1

t = −1 என்றால் தளத்தைத் தொடும் இடம் (5, −2, −2). சரிபாருங்கள்: 10 + 2 − 4 = 8. சரி. இப்போது (3, 1, 4)-க்கும் (5, −2, −2)-க்கும் இடையே உள்ள தூரம்: வித்தியாசங்கள் 2, −3, −6. வர்க்கங்கள் 4 + 9 + 36 = 49. வர்க்கமூலம் 7.

கே.ஆர்.புரம் அப்பா · இரவு 11.05

ஐயா, வாதம் செய்யவில்லை, புரியாமல்தான் கேட்கிறேன். என் பையனின் கணக்கு (1, −2, 3) என்ற புள்ளி, x − y + z = 5 என்ற தளம், 2, 3, −6 என்ற திசை. விடை 1. அதே 2, 3, 6 தானே இங்கேயும்? t-க்கும் 1 தான் வருகிறது. அங்கே 1 சரியென்றால் இங்கே ஏன் 7?

பழைய வாத்தியார், அல்சூர் · இரவு 11.30

நல்ல கேள்வி ஐயா. அந்தக் கணக்கின் விடை 1 என்பது சரிதான். ஆனால் அங்கே t 1 அல்ல. (1 + 2t, −2 + 3t, 3 − 6t) என்று எழுதித் தளத்தில் போடுங்கள். 6 − 7t = 5, t = 1/7. இந்த 1/7-ஐத் திசையின் நீளத்தால் பெருக்க வேண்டும். 4 + 9 + 36, அதன் மூலம் 7. ஏழில் ஒன்று பெருக்கல் ஏழு, ஆகவே 1. இங்கே t-யின் அளவு 1, அதையும் 7-ஆல் பெருக்கினால் 7. இரண்டிலும் செய்வது ஒன்றுதான். உங்கள் நினைவில் விடையாகிய 1-உம் t-யும் ஒன்றாகக் கலந்துவிட்டன.

t என்பது தூரம் அல்ல. எத்தனை "அடி" எடுத்து வைத்தோம் என்ற எண்ணிக்கை மட்டும்தான். ஓர் அடி எவ்வளவு நீளம் என்பதைத் திசை விகிதம்தான் சொல்கிறது. விகிதம் என்பதால் அதை எப்படி வேண்டுமானாலும் பெருக்கி எழுதலாம். −4, 6, 12 என்று எழுதினால் அடி 14 நீளம், t = −1/2 வரும். பெருக்கினால் மறுபடியும் 7. மாறாக, திசைக் கொசைன்களை எடுத்துக்கொண்டால், அதாவது −2/7, 3/7, 6/7, ஓர் அடியின் நீளம் சரியாக 1. அப்போது t = −7 என்று நேரடியாக வரும், பெருக்க வேண்டியதில்லை. t-யே தூரமாக இருப்பது அந்த ஓர் இடத்தில் மட்டும்தான்.

சரவணன் தம்பி, உங்கள் எண்கள் எல்லாம் சரி. "கதிர்" என்ற சொல்தான் உங்களைத் திசைதிருப்பிவிட்டது. கேள்வி சொல்வது கோட்டுக்கு இணையாக. கோட்டுக்கு முன் பக்கம், பின் பக்கம் என்று கிடையாது. 2, −3, −6 என்று எழுதினாலும் அதே கோடுதான், அப்போது t = +1.

சரவணன் · இரவு 11.52

ஆமாம் சார், பழக்கதோஷம். கேமில் முதுகுக்குப் பின்னால் இருக்கும் சுவரில் குண்டு படக்கூடாது, அதனால் மைனஸைத் தூக்கி எறிந்துவிடுவோம். இங்கே அந்த `if` வரியே வேண்டாம்.

இன்னொரு வழியிலும் பார்த்தேன். மாலதி அக்காவின் 5/3 வீண் இல்லை. தளத்தின் நார்மல் (2, −1, 2), நீளம் 3. திசை (−2, 3, 6), நீளம் 7. டாட் புராடக்ட் 5. இரண்டுக்கும் இடையே உள்ள கோணத்தின் கொசைன் 5/21. செங்குத்துத் தூரத்தை அதால் வகுத்தால், (5/3) × (21/5) = 7. அக்கா போட்ட கணக்கு பாதி வழி, இந்த ஒரு வகுத்தல்தான் பாக்கி. டாட் புராடக்ட் 0 வந்தால் மட்டும் கவனம் வேண்டும். கோடு தளத்துக்கு இணையாகிவிடும். சாய்ந்த தூரம் என்று ஒன்று அப்போது இருக்காது. புள்ளி தளத்திலேயே இருந்தாலொழிய.

கார்த்தி · ஞாயிறு, காலை 7.20

நானும் பன்னிரண்டாம் வகுப்புதான். எனக்கு √17 வந்தது. கோட்டின் மேல் (1, 3/2, −1) என்ற புள்ளியை எடுத்தேன். (3, 1, 4) கழித்தல் அது (2, −1/2, 5). இதை (−2, 3, 6)-உடன் கிராஸ் புராடக்ட் எடுத்தால் (−18, −22, 5). அதன் நீளம் √833, அதாவது 7√17. அதை 7-ஆல் வகுத்தால் √17. எங்கே தப்பு?

ரோஸி, மர்ஃபி டவுன் · காலை 8.05

கார்த்தி, நீ கண்டுபிடித்தது புள்ளிக்கும் கோட்டுக்கும் உள்ள தூரம். கணக்கு சுத்தமாக இருக்கிறது, ஆனால் நீ தளத்தையே தொடவில்லை. தளத்தின் சமன்பாட்டைப் பயன்படுத்தாமல் விடை வந்துவிட்டால் அங்கேயே சந்தேகப்பட வேண்டும். இந்தக் கணக்கில் அந்தக் கோட்டிலிருந்து திசை மட்டும்தான் நமக்கு வேண்டும். அது எந்தப் புள்ளி வழியாகப் போகிறது என்பது தேவையே இல்லை. நீ எடுத்த (1, 3/2, −1)-ஐ வேறு எதுவாக மாற்றினாலும் 7 மாறாது.

வாத்தியார் சார், 8-ஆ 3-ஆ என்பது இன்னும் எனக்குத் தீரவில்லை. விடை 7 என்று தெரிந்த பிறகு 8 என்று படிப்பது விடையைப் பார்த்துக் கேள்வியைத் திருத்துவது மாதிரி இல்லையா? அங்கே 3 என்றே அச்சாகி, வகுப்பில் சொன்ன விடை தப்பாக இருந்திருந்தால்?

பழைய வாத்தியார், அல்சூர் · காலை 9.15

ரோஸி, நீ சொல்வது நியாயம். 7-ஐ மறந்துவிட்டு மற்ற ஆப்ஷன்களை மட்டும் பார். தவறான ஆப்ஷன்கள் வானத்திலிருந்து விழுவதில்லை. கேள்வி எழுதுபவர் அதே எண்களில் ஒரு தப்பைச் செய்து பார்த்துத்தான் அவற்றை எழுதுவார். வலது பக்கம் 3 என்றால் செங்குத்துத் தூரம் 10/3 ஆகியிருக்கும். 2, 6, 6 என்று தப்பாக எடுத்தால் 2√19 ஆகியிருக்கும். படத்தில் இருப்பது 5/3-உம் √19-உம். இரண்டும் 8-க்குத்தான் பொருந்துகின்றன. உன் 14 நான்காவது ஆப்ஷனாக இருந்தாலும்கூட, மற்ற மூன்றும் சேர்ந்து 8 என்றே சொல்கின்றன. மங்கிய படத்தைப் படிக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

மாலதி அம்மா, உங்கள் மகளிடம் ஒன்று கேளுங்கள். √19 வந்ததும் சரிபார்த்தாளா?

மாலதி, ஜாலஹள்ளி · காலை 10.40

சார், கேட்டேன். சரிபார்த்தாளாம், அதனால்தான் அவ்வளவு உறுதியாக இருந்திருக்கிறாள். t = −1/2 வந்து, புள்ளி (2, −2, 1) கிடைத்திருக்கிறது. தளத்தில் போட்டால் 4 + 2 + 2 = 8, சரியாக வருகிறது. சரிபார்த்த பிறகும் தப்பாகுமா என்று அவளுக்கு வருத்தம். எனக்கும் அதற்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

பழைய வாத்தியார், அல்சூர் · காலை 11.20

அந்தச் சரிபார்ப்பு அவளைக் காப்பாற்றாது அம்மா. எந்தத் திசையில் போனாலும், தப்பான திசையில் போனாலும், கடைசியில் தளத்தைத் தொட்டுத்தான் நிற்போம். t-ஐக் கண்டுபிடித்ததே அதற்காகத்தான். ஆகவே தளத்தில் போட்டுப் பார்ப்பது கூட்டல் கழித்தலைச் சோதிக்கும், திசையைச் சோதிக்காது. இங்கே தப்பு திசையில் இருக்கிறது.

திசையைச் சோதிக்க வேறு வழி இருக்கிறது. கொடுத்த கோட்டின் மேல் இரண்டு புள்ளிகளை எடுக்கச் சொல்லுங்கள். மூன்று பின்னங்களும் 0 என்றால் x = 1, y = 3/2, z = −1. மூன்றும் 1 என்றால் 1 − x = 2, ஆக x = −1. 2y − 3 = 6, ஆக y = 9/2. z + 1 = 6, ஆக z = 5. இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்தால் −2, 3, 6. விதி எதையும் நினைவில் வைக்க வேண்டாம். கோடு எப்படிச் சுற்றி வளைத்து எழுதப்பட்டிருந்தாலும் இது ஏமாற்றாது. அரை நிமிட வேலை. என் வகுப்பில் 1 − x-ஐக் கண்டால் குறியை மாற்றும் பிள்ளைகள்கூட 2y-யில் விழுவார்கள், ஏனென்றால் கண் மைனஸைத் தேடிவிட்டு அதோடு நின்றுவிடும். இரண்டு புள்ளி எடுப்பவர்கள் விழுந்து நான் பார்த்ததில்லை.

கே.ஆர்.புரம் அப்பா · மதியம் 12.10

புரிந்தது ஐயா, நன்றி. பையனிடமும் காட்டினேன். அவன் சொல்வது, 2022-இல் என்.சி.இ.ஆர்.டி. பாடத்தைக் குறைத்தபோது பன்னிரண்டாம் வகுப்பு முப்பரிமாண வடிவியலிலிருந்து தளம் பற்றிய பகுதியையே எடுத்துவிட்டார்கள், இப்போது புத்தகத்தில் கோடு மட்டும்தான் என்று. பிறகு ஏன் இதைக் கேட்கிறார்கள்? போர்டுத் தேர்வுக்கு மட்டும் படிக்கிற பிள்ளைகளுக்கு இது அநியாயம் இல்லையா?

ரோஸி, மர்ஃபி டவுன் · மதியம் 12.35

ஜே.இ.இ. அட்வான்ஸ்டு பாடத்திட்டத்தில் தளமும், புள்ளிக்கும் தளத்துக்கும் உள்ள தூரமும் இருக்கின்றன அங்கிள். கோச்சிங் தாள் என்பதால் அதற்காக வைத்திருப்பார்கள். தமிழ்நாட்டுப் பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்திலும் வெக்டர் பாடத்தில் தளம் இருக்கிறது. என்.சி.இ.ஆர்.டி. புத்தகத்தை வைத்துப் போர்டுக்கு மட்டும் படிக்கிறவர்கள் தளத்தை விட்டுவிடலாம், ஆனால் திசை விகிதம் எடுக்கும் பகுதியை விடக்கூடாது. இரண்டு கோடுகளுக்கு இடையே உள்ள குறைந்த தூரத்திலும் இதே 1 − x, 2y − 3 வந்து நிற்கும்.

கே.ஆர்.புரம் அப்பா · மதியம் 12.50

அது சரிம்மா. ஆனால் பள்ளியில் சொல்லித் தராத ஒன்றை, வகுப்பு எடுக்காமலேயே தேர்வில் வைப்பதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. என் பையனுக்கும் இதே நடந்தது. மாலதி அம்மா, உங்கள் மகளுக்கு அங்கே தளம் நடத்தினார்களா?

மாலதி, ஜாலஹள்ளி · மாலை 6.30

ஒரே ஒரு வகுப்பு எடுத்தார்களாம், அதுவும் செங்குத்துத் தூரம் வரைக்கும்தான். சாய்ந்த தூரம் எடுக்கவில்லை என்கிறாள். அவள் தோழி எடுத்தார்கள் என்கிறாள்.

மத்தியானம் அவளே உட்கார்ந்து முதலிலிருந்து போட்டாள். வாத்தியார் சார் சொன்னபடி கோட்டில் இரண்டு புள்ளி எடுத்தாள், ஆனால் முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்துவிட்டாள், அதனால் 2, −3, −6 வந்தது. தப்பாகிவிட்டதோ என்று நிறுத்தினாள். நான் மேலே போ என்றேன். t = 1, புள்ளி (5, −2, −2), தூரம் 7. சரவணன் தம்பி எழுதிய வகுத்தலையும் போட்டுப் பார்த்தாள், அதுவும் 7.

நான்காவது ஆப்ஷனைப் பற்றி வகுப்புத் தோழிகள் இரண்டு பேரிடம் கேட்டுவிட்டாள். ஒருத்தி 14 என்கிறாள், இன்னொருத்தி ஏதோ ரூட் என்கிறாள். கார்த்தியின் √17-ஆக இருக்குமோ என்று இவளுக்கு ஒரு நினைப்பு. படத்தில் விரல் ஓரத்தில் ஒரு சின்ன சாய்கோடு தெரிகிறது. ரூட்டின் வாலா, பின்னத்தின் கோடா என்று எங்களுக்குத் தெரியவில்லை. திங்கட்கிழமை தாளை ஒருமுறை காட்டச் சொல்லிக் கேட்கப் போகிறாள்.